கடைசி ரிட்டர்ன் வேறு, இறுதி ரிட்டர்ன் வேறு

ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் ஒவ்வொரு கடையின் பெயர்ப்பலகையிலும் பதினைந்து இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. தொழில் நொடித்தோ, வயதாகியோ, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டதாலோ கடையை மூடுகிறவர் முதலில் கழற்றுவது அந்தப் பலகையைத்தான். முன்பணத்தை வாங்கிக்கொண்டு, மின் இணைப்பை ஒப்படைத்து, சாவியைக் கட்டட உரிமையாளர் கையில் கொடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். பலகையில் இருந்த எண் மட்டும் வரித்துறையின் கணினியில் அப்படியே உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கும் எண்ணுக்கு ரிட்டர்ன் வந்தாக வேண்டும். விற்பனையே இல்லாவிட்டாலும் வெற்று ரிட்டர்ன் போட வேண்டும். அது வராதபோது ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும்.

ஆறு மாதம் தொடர்ந்து ரிட்டர்ன் வரவில்லை என்றால் அதிகாரியே நோட்டீஸ் அனுப்பிப் பதிவை ரத்து செய்ய முடியும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவருக்கு இது இரண்டு காலாண்டு. “தானாகவே ரத்தாகட்டும்” என்று சிலர் விட்டுவிடுவது இதை நம்பித்தான். ஆனால் அப்படி ரத்தாவதால் பழைய பாக்கி எதுவும் கழிவதில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 29ஆம் பிரிவே அதைத் தெளிவாகச் சொல்கிறது. தவிர, நாளைக்கு அதே பான் எண்ணில் வேறு தொழில் தொடங்கப் புதுப் பதிவு கேட்டால், முன்பு ரிட்டர்ன் போடாமல் ரத்தான கதை அங்கே வந்து நிற்கும். அத்தகைய விண்ணப்பங்களைக் கவனமாகப் பார்க்கும்படி 2019 மார்ச் மாதமே அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை போயிருக்கிறது. ஆகவே, தானே விண்ணப்பித்து முறையாக வெளியேறுவதுதான் வியாபாரிக்கு மலிவான வழி.

கடையை மூடுகிறவர் மட்டும்தான் வெளியேறலாம் என்பதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதலைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்று இருந்தது. 2019 ஏப்ரல் முதல், சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு இந்த வரம்பு 40 லட்சமாக உயர்ந்தது. தமிழ்நாடும் அதை ஏற்றுக்கொண்டது. பக்கத்திலிருக்கும் புதுச்சேரி ஏற்கவில்லை. அங்கே 20 லட்சம்தான். சேவைத் தொழிலுக்கு இரண்டு இடத்திலும் 20 லட்சமே. ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரர் ஒருவர் பழைய வரம்பின்போது பதிவு எடுத்து இன்றும் தொடர்கிறார் என்றால், அவர் சட்டப்படி அந்த எண்ணை வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம்.

“இருக்கலாம்” என்பதற்குக் காரணம் உண்டு. விற்றுமுதல் என்பது ஒரு கடையின் கல்லாக் கணக்கு அல்ல. ஒரே பான் எண்ணில் நாடு முழுவதும் நடக்கும் எல்லா விற்பனையும், வரிவிலக்குள்ள பொருள்களும்கூட, அதில் சேரும். சரக்கு விற்பவர் கூடவே தன் பெயரிலுள்ள கட்டடத்தைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அது சேவை. அப்போது 40 லட்சம் என்ற சலுகை போய் 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புபவருக்குப் பொதுவாக வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்து பதிவு வேண்டும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வாங்குபவர்களில் ஒப்பந்ததாரர்களும் நிறுவனங்களும் அதிகம் என்றால், அவர்கள் கட்டிய வரியைத் தங்கள் கணக்கில் வரவு வைக்க பில்லில் ஜிஎஸ்டி எண் வேண்டும். அது இல்லாத கடையை விட்டு அவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். வாடிக்கையாளர்கள் எல்லாம் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் என்றால் இந்தக் கவலை இல்லை.

வெளியேறுவது என்று முடிவெடுத்துவிட்டால், பணம் போவதும் மிஞ்சுவதும் ஒரே ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. அது கையிருப்புச் சரக்கு.

காரணம் இது. கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, ஆடிட்டர்கள் ‘இன்புட்’ என்று சொல்லும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டிருப்பார். பின்னால் அந்தச் சரக்கை வரியோடு விற்பார் என்ற கணக்கில்தான் அரசு அந்த வரவைக் கொடுத்தது. விற்காமலேயே பதிவை விட்டு வெளியேறினால், மீதமிருக்கும் சரக்குக்கு எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். எவ்வளவு என்றால், வாங்கியபோது எடுத்த வரவு, அல்லது அந்தச் சரக்கை இப்போது விற்றால் வரும் வரி, இரண்டில் எது அதிகமோ அது. ரத்தாகும் தேதிக்கு முந்தைய நாள் கடையில் என்ன இருந்ததோ அதுதான் கணக்கு.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்க்கலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் எலக்ட்ரிகல் கடை. ஆண்டு விற்பனை 22 லட்சம். ஒயர், சுவிட்ச், பைப் எல்லாம் 18 சதவீத வரிச் சரக்கு. காலாண்டு ரிட்டர்ன் போடுபவர். 2026 மார்ச் 31 அன்று பதிவு ரத்தாக வேண்டும் என்று முடிவு செய்கிறார். காலாண்டின் கடைசி நாளைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. ஒரு நாள் தள்ளிப்போனாலும் அடுத்த காலாண்டுக்கும் ஒரு ரிட்டர்ன் கணக்கில் வந்து நிற்கும்.

மார்ச் 30 இரவு கடையடைத்த பிறகு இருப்பு எடுக்கிறார். ஒயர்ச் சுருள்களில் முழுசு எத்தனை, வெட்டியது எத்தனை மீட்டர் என்று தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது. ஏழெட்டு வருடம் முன்பு வாங்கி விற்காமல் போன பழைய மாடல் சுவிட்ச் பெட்டிகள் மேல்தட்டிலிருந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த பில், எந்தத் தேதி, எவ்வளவு வரி என்று குறித்துக்கொண்டே போகிறார். இந்தப் பட்டியல்தான் பின்னால் இறுதி ரிட்டர்னில் ஏறப்போகிறது என்பதால், அன்றிரவு சோம்பல்பட்டால் மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுத வேண்டிவரும்.

பில் இருக்கிற சரக்கு, வாங்கிய விலையில் 2,00,000 ரூபாய். அதற்கு எடுத்த வரவு 36,000. பழைய சரக்கு என்பதால் இன்றைக்கு விற்றால் 1,50,000தான் தேறும். அதற்கு வரி 27,000. அதிகமானது 36,000 என்பதால் அதைத்தான் கட்ட வேண்டும்.

அடுத்து, பில் எங்கே போனதென்று தெரியாத சரக்கு கொஞ்சம். இதற்கு அன்றைய சந்தை விலையை வைத்து மதிப்பிட வேண்டும். மதிப்பீட்டுக்குப் பட்டயக் கணக்கர் அல்லது செலவுக் கணக்கர் சான்று தர வேண்டும். மதிப்பு 25,000 என்றால் வரி 4,500. பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் வரியும் ஒருவேளை குறைந்திருக்கும், சான்றுக்கான கட்டணமும் மிச்சமாகியிருக்கும்.

கடைசியாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். இவை விற்பதற்கான சரக்கல்ல, மூலதனப் பொருள். இவற்றுக்குச் சட்டம் ஐந்து வருட ஆயுள் வைத்திருக்கிறது, அதாவது 60 மாதம். வாங்கியபோது விலை 60,000. எடுத்த வரவு 10,800. பயன்படுத்தியது 40 மாதமும் பத்து நாளும். மீதி ஆயுள் 19 மாதமும் சில நாளும். நாள் கணக்கை விட்டுவிட்டு 19 மாதம் என்று எடுத்துக்கொள்ளலாம். 10,800ஐ 60ஆல் வகுத்து 19ஆல் பெருக்கினால் 3,420. இன்றைய விலை 15,000 என்று வைத்தால் அதன் வரி 2,700. இங்கும் அதிகமானது, அதாவது 3,420. ஐந்து வருடம் தாண்டிய பொருள் என்றால் இந்த ஆயுள் கணக்கில் பூஜ்யம் வரும். ஆனால் இன்றைய விலைக்கான வரியோடு அப்போதும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றையும் கூட்டினால் 43,920. மின்னணு வரவுப் பேரேட்டில் 30,000 மீதமிருந்தால் அதை முதலில் பயன்படுத்திக்கொள்ளலாம். மிச்சம் 13,920 ரூபாயைச் சலானில் ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

இதே கடைக்காரர் இரண்டு மாதம் முன்பே திட்டமிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜனவரியிலேயே தள்ளுபடி அறிவித்து, அந்த 2,00,000 ரூபாய்ச் சரக்கை 1,50,000க்கும் மேலே வரி 27,000க்குமாக விற்றுத் தீர்த்திருக்கலாம். உண்மையான வாடிக்கையாளருக்கு, உண்மையான விலைக்கு, முறையான பில்லோடு விற்ற சரக்குக்கு வாங்கிய வரவு அப்படியே நிற்கும். நட்டத்துக்கு விற்றார் என்பதற்காக அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டிய வரி 36,000 என்பது 27,000ஆகக் குறைகிறது. அதையும் வாங்கியவர் கொடுத்துவிடுகிறார். கடை மூடுவதற்கு முன் விற்பதற்கும் பின் விற்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவுக்குப் பெரியது. இதைத் தெரியாமல் முதலில் விண்ணப்பம் போட்டுவிட்டுப் பிறகு சரக்கை விற்க வழி தேடினால் கைப்பணம் நட்டம்.

மளிகை, பேன்சி கடைக்காரர்களுக்கு இது இப்போது இன்னும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் போன்றவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5ஆக இறங்கியது. அதற்கு முன் வாங்கிய சரக்கு இன்னும் தட்டில் இருந்தால், விற்கும்போது 5 சதவீதம்தான். ஆனால் விற்காமல் பதிவை ரத்து செய்தால் ‘எது அதிகமோ’ என்ற விதிப்படி 18 சதவீத வரவையே திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

இந்த வழியில் ஒரு குறுக்குவழியும் சிலருக்குத் தோன்றும்: மைத்துனர் பெயரில் பாதி விலைக்கு பில் போட்டுவிடுவது. உறவினருக்குள் நடக்கும் விற்பனைக்கு பில்லில் எழுதிய விலை செல்லாது, சந்தை மதிப்பைத்தான் துறை எடுத்துக்கொள்ளும். இலவசமாகக் கொடுத்த சரக்குக்கும், கெட்டுப்போய் எறிந்த சரக்குக்கும் வரவு கிடையாது. வீட்டுக்கு எடுத்துப்போன மின்விசிறியும் இந்தக் கணக்கில் வரும்.

விண்ணப்பம் போடுவது கடினமான வேலை அல்ல. ஜிஎஸ்டி இணையதளத்தில் பயனர் பெயரோடு உள்ளே போனால் Services, Registration என்ற வரிசையில் Application for Cancellation of Registration என்று இருக்கும். படிவத்தின் பெயர் REG-16. காரணம், எந்தத் தேதியிலிருந்து ரத்து, இருப்புச் சரக்கின் மதிப்பு, அதற்கான வரி ஆகியவற்றைக் கேட்கும். இனிமேல் கடிதம் அனுப்ப வேண்டிய முகவரியையும் கேட்கும். அந்த இடத்தில் மூடிய கடையின் முகவரியையே எழுதாமல் வீட்டு முகவரியையும், தன் கையிலேயே இருக்கும் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தருவது மிக அவசியம். ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தவரின் எண்ணே பதிவில் இருந்தால், பின்னால் வரும் நோட்டீஸ் எல்லாம் அவருக்குப் போகும், வியாபாரிக்குத் தெரியவே தெரியாது.

கடை மூடிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது விதி. தொழில் நின்ற நாள் எது என்று துல்லியமாகச் சொல்வது கடினம் என்பதால் இதைத் தாராளமாகப் பார்க்கும்படி 2018 அக்டோபரில் சுற்றறிக்கை வந்தது. விண்ணப்பம் போனதும் பதிவு ‘நிறுத்திவைப்பு’ நிலைக்குப் போகும். அந்த இடைக்காலத்தில் வரி பில் போடக்கூடாது, வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் 30 நாளுக்குள் அதிகாரியின் உத்தரவு REG-19 என்ற பெயரில் வரும். எலக்ட்ரிகல் கடைக்காரர் ஏப்ரல் 10ஆம் தேதி விண்ணப்பித்து ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவு வந்தது என்று வைத்துக்கொள்வோம். இதற்கிடையே ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு ரிட்டர்னை, வழக்கம்போல, தமிழ்நாட்டுக்காரருக்குரிய ஏப்ரல் 22ஆம் தேதிக்குள் போட்டுவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் ஏராளமானவர்கள் தவறுகிறார்கள். “கடைசி ரிட்டர்ன் போட்டாச்சு, ரத்து உத்தரவும் வந்தாச்சு, இனி என்ன?” என்று இருந்துவிடுகிறார்கள். அவர் போட்டது கடைசிக் காலாண்டுக்கான GSTR-3B. சட்டத்தின் 45ஆம் பிரிவு கேட்பது அதுவல்ல, GSTR-10 என்ற தனிப் படிவம். அதற்குப் பெயரே இறுதி ரிட்டர்ன். வாழ்நாளில் ஒரே முறை போடுவது, திருத்தவும் முடியாது. மார்ச் 30 இரவு எழுதிய இருப்புப் பட்டியல் இங்கேதான் ஏறுகிறது: பில் உள்ள சரக்கு ஒரு பகுதியில், மூலதனப் பொருள் ஒரு பகுதியில், பில் இல்லாதது ஒரு பகுதியில். விண்ணப்பத்தோடு ஏற்கெனவே கட்டிய வரி போக மிச்சம் இருந்தால் இங்கே கட்டித் தாக்கல் செய்ய வேண்டும். ரத்தான பிறகும் பழைய பயனர் பெயரிலேயே உள்ளே போக முடியும். Services, Returns, Final Return என்பது பாதை.

கெடு மூன்று மாதம். ரத்தாகும் தேதி, உத்தரவு வந்த தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். ஏப்ரல் 28 உத்தரவு என்றால் ஜூலை 28 வரை. அதைத் தாண்டினால் ஒரு நாளைக்கு மத்திய வரியில் 100, மாநில வரியில் 100 என்று 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஐம்பதாவது நாளில் உச்சவரம்பான 10,000 ரூபாயைத் தொட்டுவிடும். இருப்பு எதுவும் இல்லை, கட்ட வேண்டிய வரியும் இல்லை என்பவருக்கும் இந்தக் கட்டணம் உண்டு. எளிய வெற்று ரிட்டர்னை மறந்ததற்காகப் பத்தாயிரம் கட்டுவது சிறு கடைக்காரருக்குக் கொடுமையான செலவு. தவறியவர்கள் அதிகம் என்பது அரசுக்கும் தெரிந்ததால்தான் 2020இலும் 2023இலும் குறிப்பிட்ட காலத்துக்குள் போட்டால் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் சலுகை வந்தது. 2023இல் அது 1,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டு, ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்த சலுகை வரும் என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

போடாமலே விட்டால் GSTR-3A என்ற நோட்டீஸ் வரும். பதினைந்து நாளுக்குள் போடச் சொல்லும். அதற்கும் பதில் இல்லையென்றால் கிடைத்த தகவலை வைத்து அதிகாரியே வரியைத் தீர்மானித்து உத்தரவு போடலாம். கடையில் என்ன இருந்தது, எதை விற்றார், எது வீணானது என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தொகை வியாபாரியின் உண்மைக் கணக்கைவிடக் கூடவே இருக்க வாய்ப்பு அதிகம். உத்தரவு கையில் கிடைத்த 60 நாளுக்குள் உண்மைக் கணக்கோடு இறுதி ரிட்டர்னைப் போட்டுவிட்டால் அது நீங்கிவிடும். தாமதக் கட்டணமும் வட்டியும் மட்டும் நிற்கும்.

இணக்கமுறை எனப்படும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இறுதி ரிட்டர்ன் கிடையாது. அவர்கள் உள்ளீட்டு வரவு எடுக்காதவர்கள் என்பதால் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. தங்களுக்குரிய காலாண்டுக் கணக்கையும் ஆண்டு ரிட்டர்னையும் முடித்தால் போதும்.

உரிமையாளர் இறந்துபோன குடும்பங்களில் இது இன்னும் சிக்கலாகிவிடுகிறது. துக்கத்தில் யாருக்கும் பதிவு எண் நினைவுக்கு வராது. வாரிசு கடையை நடத்தப் போவதில்லை என்றால் அவரே ரத்துக்கு விண்ணப்பிக்கலாம். நடத்தப் போகிறார் என்றால் தன் பெயரில் புதுப் பதிவு எடுத்து, ITC-02 என்ற படிவத்தின் மூலம் பழைய வரவைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் சரக்குக்கான வரவு வீணாகாது. தந்தையின் எண்ணிலேயே மகன் பில் போட்டுக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது.

வரம்புக்குக் கீழே வந்ததால் வெளியேறி, கடையைத் தொடர்ந்து நடத்துகிறவர் மறுநாளே பழைய பில் புத்தகத்தை ஓரங்கட்ட வேண்டும். பலகையிலிருந்து எண்ணை அழிக்க வேண்டும். மீதமிருக்கும் சரக்கை விற்கலாம், அதற்கான வரியைத்தான் ஏற்கெனவே கட்டியாயிற்றே. ஆனால் பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலித்தால் அது முழுவதும் அரசுப் பணம், வைத்துக்கொண்டால் அபராதம். விற்பனை மறுபடி 40 லட்சத்தைத் தாண்டினால் 30 நாளுக்குள் மீண்டும் பதிவு எடுக்க வேண்டும் என்பதால், மாதாமாதம் விற்பனையைக் கூட்டிவைப்பதை நிறுத்தக்கூடாது. ரொக்கப் பேரேட்டில் ஏதாவது மீதம் கிடந்தால் RFD-01 போட்டுத் திரும்பப் பெறலாம்.

பில்கட்டுகளையும் இருப்புப் பட்டியலையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்க வேண்டும். 2026 மார்ச்சில் மூடிய அந்த எலக்ட்ரிகல் கடையின் கணக்குகள் 2032 டிசம்பர் 31 வரை வீட்டுப் பரணில் இருக்க வேண்டும்.